டி எழுத்தின் அடியைப் பாருங்கள்: ஜப்பானிய குரோஷே சார்ட்டைப் படிப்பது

கேள்வி: "ஜப்பானிய குரோஷே புத்தகம் ஒன்றிலிருந்து தோழி ஒரு பக்கத்தை போனில் படம் எடுத்து அனுப்பினாள். சின்ன வட்ட மேசை விரிப்பு. எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. சார்ட்டில் முட்டை வடிவம், ஆங்கில டி எழுத்து, பெருக்கல் குறி, கறுப்புப் புள்ளி, முக்கோணம் எல்லாம் இருக்கு. சில இடத்தில் டி எழுத்துகளின் அடி ஒன்றாகச் சேர்ந்திருக்கு, சில இடத்தில் சேராமல் தனித்தனியாக நிற்குது. இது அச்சுப் பிழையா? முதல் சுற்றில் 11 டி தான் எண்ண முடியுது, பக்கத்தில் 12 என்று போட்டிருக்கு. எதை நம்புவது?"

இரண்டுமே பிழை இல்லை. 11 சரி, 12-ம் சரி. அடி சேர்ந்திருப்பதும் சேராமல் இருப்பதும் வேண்டுமென்றே வரையப்பட்டவை. நான் பதினைந்து வருடத்துக்கு மேலாக இந்த சார்ட்டுகளைப் பார்த்துப் பின்னுகிறேன், சில வருடங்களாகக் கற்றுக்கொடுக்கவும் செய்கிறேன். எனக்கும் ஜப்பானிய மொழியில் ஒரு வாக்கியம் படிக்கத் தெரியாது. அது தேவைப்பட்டதும் இல்லை. ஜப்பானில் பின்னல் குறிகளுக்கென்று அரசுத் தரநிலையே உண்டு, ஜேஐஎஸ் எல் 0201 என்று எண். அதனால் எந்தப் பதிப்பகத்தின் புத்தகத்தை எடுத்தாலும் அடிப்படைக் குறிகள் ஒன்றுபோலவே இருக்கும். மேற்கத்திய புத்தகங்களில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு புத்தகத்திலும் குறி விளக்கப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும்.

குறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவம் ஒரு சங்கிலி. கறுப்புப் புள்ளி ஸ்லிப் ஸ்டிட்ச். பெருக்கல் குறி சிங்கிள் குரோஷே. மேற்கத்திய புத்தகங்களில் இதையே கூட்டல் குறியாகப் போடுவதும் உண்டு. வெறும் டி என்றால் ஹாஃப் டபுள். டி-யின் தண்டில் ஒரு சாய்ந்த கோடு இருந்தால் டபுள், இரண்டு கோடு இருந்தால் டிரெபிள். இந்தப் பெயர்கள் அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் வழக்கில் நம்முடைய சிங்கிளை டபுள் என்பார்கள், டபுளை டிரெபிள் என்பார்கள். பழைய பிரிட்டிஷ் புத்தகத்தில் கற்றுக்கொண்ட பாட்டியும் யூடியூபில் கற்றுக்கொண்ட பேத்தியும் ஒரே பெயரைச் சொல்லி வேறு வேறு கண்ணி போடுவது இதனால்தான். சார்ட்டில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ஒரு கோடு என்றால் எந்த ஊரிலும் அதே கண்ணிதான்.

அந்தச் சாய்ந்த கோட்டை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு டபுள் குரோஷே போட்டு அதன் தண்டை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். ஊசியை நுழைப்பதற்கு முன் சுற்றிக்கொண்ட நூல், தண்டின் குறுக்கே ஒரு சாய்ந்த இழையாகத் தெரியும். டிரெபிளில் இரண்டு இழை தெரியும். குறி என்பது கண்ணியின் படம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் இதுவரை பார்க்காத குறியைக்கூடப் பாதி ஊகித்துவிடலாம்.

இப்போது அடிக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஒரு கண்ணியைக் கீழே இருக்கும் சுற்றில் இரண்டு விதமாக நடலாம். ஒன்று, கீழ்ச் சுற்றின் ஒரு கண்ணியின் தலைக்குள்ளேயே ஊசியைக் குத்தி எடுப்பது. மற்றது, கீழே தொங்கும் சங்கிலி வளைவின் அடியில், அந்த வெற்றிடத்தில் ஊசியை விட்டு, சங்கிலி முழுவதையும் சேர்த்துப் பிடித்து எடுப்பது. முதல் வகையில் கண்ணி ஒரு இடத்தில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். இரண்டாவது வகையில் வளைவின் மேல் வளையல் மாதிரி நகரும். ஐந்து டபுள் குரோஷேயை ஒரே கண்ணியின் தலைக்குள் போடச் சொன்னால் ஐந்தின் அடியும் ஒரே புள்ளியில் கூடியதாக வரைவார்கள், விசிறியின் காம்பு மாதிரி. ஐந்தையும் வளைவைச் சுற்றிப் போடச் சொன்னால் ஐந்து அடிகளும் வளைவின் மேல் சற்றுத் தள்ளித் தள்ளி, ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். ஜப்பானிய புத்தகங்களில் இரண்டாவது முறைக்கு 'சொக்கு' என்று ஒரு சொல்லே இருக்கிறது. கட்டாகப் பிடித்து எடுப்பது என்று பொருள் கொள்ளலாம்.

ஆரம்பத்தில் எனக்கு இது தெரியாது. இதழ் வைத்த ஒரு விரிப்பை, அடி சேராத இதழ்களையும் சேர்த்து, எல்லாவற்றையும் சங்கிலியின் நடுக் கண்ணிக்குள்ளேயே குத்திக் குத்திப் போட்டேன். எண்ணிக்கை எல்லாம் சரியாக வந்தது. ஆனால் இதழ்கள் விரியவில்லை, அடியில் இறுகி மேலே குவிந்துகொண்டன. அவற்றின் இருபுறமும் சங்கிலி வெறுமையாகத் தெரிந்தது. துவைத்து இழுத்து ஊசி குத்திக் காய வைத்தும் பலனில்லை. மூன்று சுற்றைப் பிரித்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தும் உருவம் படத்தைப் போல வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த அடியைத்தான்.

அடியைப் பார்த்த அதே கண்ணால் தலையையும் பார்த்துவிடுங்கள். டி எழுத்துகளின் அடி தனித்தனியாக இருந்து தலை மட்டும் ஒன்றாகக் கூடினால் அது குறைப்பு: ஒவ்வொன்றையும் கடைசியாக நூலைச் சுற்றி இழுக்காமல் ஊசியிலேயே நிறுத்தி, முடிவில் எல்லாவற்றையும் ஒன்றாக இழுக்க வேண்டும். அடியும் தலையும் இரண்டுமே கூடியிருந்தால் அது குமிழ்: ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகிறது. அந்தக் குமிழில் சாய்ந்த கோடுகள் இருந்தால் டபுள் குரோஷேயால் ஆனது, கோடே இல்லை என்றால் ஹாஃப் டபுளால் ஆன பொசுபொசுப்பான குமிழ். குமிழின் உச்சியில் தனியாக ஒரு சின்ன முட்டை இருந்தால் அது பாப்கார்ன். கண்ணிகளை முழுமையாக முடித்து, ஊசியை எடுத்து, முதல் கண்ணியின் தலை வழியே கடைசி வளையத்தை இழுத்துப் பூட்ட வேண்டும்.

உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை. அதனால் இந்த மாதிரிச் சின்ன விரிப்புகளில் வழக்கமாக வரும் ஒரு ஐந்து சுற்று அமைப்பை எடுத்துக்கொண்டு, நான் எப்படிப் படிப்பேன் என்று சொல்கிறேன். உங்களுடையது சில எண்களில் வேறுபடலாம், படிக்கும் முறை மாறாது.

நடுவில் இருந்து தொடங்குவோம். மையத்தில் ஒரு ஜப்பானிய எழுத்து மட்டும் இருக்கும், இடப்பக்கம் நேர்கோடும் வலப்பக்கம் தொப்பை போன்ற வளைவும் கொண்டது. 'வா' என்று அதன் ஒலி, வளையம் என்று பொருள். மேஜிக் ரிங்கில் தொடங்கு என்று அர்த்தம். அதற்குப் பதிலாக முட்டைகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு புள்ளி மூடியிருந்தால் அத்தனை சங்கிலி போட்டு ஸ்லிப் ஸ்டிட்ச்சால் வளையமாக்க வேண்டும். முதல் சுற்றில் மூன்று முட்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அதையடுத்து 11 டி, ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. அந்த மூன்று சங்கிலிதான் உங்கள் பன்னிரண்டாவது டபுள் குரோஷே. அது சுற்றைத் தூக்கி நிறுத்தும் சங்கிலி. டபுள் குரோஷேயின் உயரம் இருப்பதால் அதுவே முதல் கண்ணியாகக் கணக்கில் வரும். ஆகவே 11-ம் 1-ம் சேர்ந்து 12. சுற்று முடியும்போது கறுப்புப் புள்ளி மூன்றாவது முட்டையின் தலையில் உட்கார்ந்திருக்கும், அங்கேதான் இணைக்க வேண்டும்.

இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு டி-யின் தலையிலும் இரண்டு டி, அடி கூடிய வி போல. அடி கூடியிருப்பதால் ஒரே கண்ணிக்குள் இரண்டு டபுள். தொடக்கத்தில் மூன்று சங்கிலியும், அதே அடியிலிருந்து கிளம்பும் ஒரே ஒரு டி-யும் இருக்கும். அதுவும் ஒரு ஜோடிதான். 12 ஜோடி, 24 கண்ணி. நிறையப் பேர் இங்கே சங்கிலியைக் கணக்கில் விட்டுவிட்டு ஒரு டபுளைக் கூடுதலாகப் போட்டு 25 ஆக்கிவிடுகிறார்கள். அது அந்தச் சுற்றில் தெரியாது, அடுத்த சுற்றில் கண்ணி மிஞ்சும்போதுதான் தெரியும்.

மூன்றாவது சுற்று திறந்த வேலை. ஒரே ஒரு முட்டை, உடனே ஒரு பெருக்கல் குறி, பிறகு ஐந்து முட்டை வளைவாக, மறுபடி பெருக்கல் குறி. இந்த ஒற்றைச் சங்கிலியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சிங்கிள் குரோஷே சுற்றைத் தூக்கும் 1 சங்கிலி கண்ணி ஆகாது. ஹாஃப் டபுளுக்கு 2, டபுளுக்கு 3, டிரெபிளுக்கு 4 என்று வரும்போது அவை கண்ணியாகும். படத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஒற்றைச் சங்கிலி நிற்கும் அதே இடத்தில் ஒரு பெருக்கல் குறியும் நிற்கும், மூன்று சங்கிலியோ ஒரு டபுள் நிற்க வேண்டிய இடத்தில் தானே நிற்கும். பெருக்கல் குறிகளுக்கு நடுவே கீழ்ச் சுற்றின் இரண்டு தலைகள் எதையும் தாங்காமல் சும்மா இருக்கும். அவற்றைத் தாண்டிப் போக வேண்டும். மூன்று கண்ணிக்கு ஒரு பெருக்கல் குறி என்றால் 24-ஐ 3-ஆல் வகுக்க 8 வளைவு. மீதி இல்லாமல் வகுபடுவதே நீங்கள் சரியாகப் படித்ததற்கு அத்தாட்சி. எந்தச் சுற்றுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இந்தச் சுற்றின் கடைசி வளைவில் ஒரு விநோதம் இருக்கும். ஏழு வளைவும் ஐந்து முட்டையாக இருக்க, எட்டாவதில் மட்டும் இரண்டே முட்டை வந்து, அதன் பின் ஒரு கோட்டுடன் கூடிய டி ஒன்று முதல் பெருக்கல் குறியின் தலையில் அடி வைத்து நிற்கும். இதை அச்சுப் பிழை என்று நினைத்து ஐந்து சங்கிலியாகத் திருத்திக்கொண்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அது பிழை இல்லை, நல்ல யோசனை. ஐந்து சங்கிலி போட்டு ஸ்லிப் ஸ்டிட்ச்சால் மூடினால் ஊசி வளைவின் ஓரத்தில் நிற்கும். அடுத்த சுற்றோ வளைவின் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். டபுள் குரோஷே ஏறக்குறைய மூன்று சங்கிலி உயரம். இரண்டு சங்கிலியும் ஒரு டபுளும் சேர்ந்தால் அதே ஐந்து. ஆனால் முடியும்போது ஊசி வளைவின் உச்சியில் நிற்கிறது. அங்கிருந்து நேரே அடுத்த சுற்றுக்கு ஏறிவிடலாம், ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு நடுவுக்கு நகர வேண்டியதில்லை.

நான்காவது சுற்றில் ஒரு சங்கிலி, அந்த டபுளின் தண்டைச் சுற்றி ஒரு சிங்கிள், ஏழு சங்கிலி, அடுத்த வளைவில் ஒரு சிங்கிள் என்று எட்டு முறை. கடைசி ஏழு சங்கிலிக்குப் பின் புள்ளி முதல் பெருக்கல் குறியின் தலையில். கவனியுங்கள், ஒற்றைச் சங்கிலியின் தலையில் இல்லை. சங்கிலியில் இணைத்தால் அங்கே இல்லாத ஒரு கண்ணி முளைத்துவிடும். இந்தச் சுற்றில் உண்மையிலேயே தெளிவில்லாத ஒரு விஷயம் உண்டு. பெருக்கல் குறிக்குத் தண்டு இல்லை, ஆகவே பார்ப்பதற்கு அடியும் இல்லை. வளைவின் நடு முட்டையின் மேல் அது உட்கார்ந்திருந்தால், அந்த நடுச் சங்கிலிக்குள் குத்துவதா, வளைவைச் சுற்றி எடுப்பதா என்று குறியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வளைவைச் சுற்றி எடுப்பதே பொதுவான பழக்கம், நானும் அப்படித்தான் செய்வேன். சிங்கிள் ஒரு பக்கம் நகர்ந்துபோய் வளைவு கோணலாகிறது என்று தெரிந்தால் நடுச் சங்கிலிக்குள் குத்திப் பாருங்கள். இரண்டிலும் எண்ணிக்கை மாறாது, தோற்றம் மட்டும் கொஞ்சம் மாறும்.

ஐந்தாவது சுற்றில் இதழ்கள். ஒவ்வொரு ஏழு சங்கிலி வளைவின் மேலும் ஒரு பெருக்கல் குறி, வெறும் டி ஒன்று, கோடு போட்ட டி ஏழு, மறுபடி வெறும் டி ஒன்று, பெருக்கல் குறி ஒன்று. ஓரத்தில் குட்டையாகத் தொடங்கி நடுவில் உயர்ந்து மறுபடி இறங்குவதால்தான் இதழ் வளைவாக வருகிறது. அடிகள் எல்லாம் தனித்தனியாக நிற்கும், அதாவது வளைவைச் சுற்றி. படம் மங்கலாக இருந்து அடி தெரியாவிட்டாலும் இங்கே எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும்: பதினொரு கண்ணி, கீழே இருப்பது ஏழு சங்கிலி, ஒன்றுக்கு ஒன்று பொருந்த வழியே இல்லை. எட்டு இதழுக்கு 88 கண்ணி. நடு டபுளின் தலையில் மூன்று முட்டை கொத்தாக நின்று அடியில் ஒரு புள்ளி இருந்தால் அது பிகாட். மூன்று சங்கிலி போட்டு, அந்த டபுளின் தலையிலேயே ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு ஒரு சின்ன முனையாக்க வேண்டும். பிகாட்டை கண்ணியாக எண்ண மாட்டோம்.

முக்கோணங்களை விட்டுவிட்டேன். உள்ளே வெள்ளையாக இருக்கும் முக்கோணம் இங்கே நூலைச் சேர் என்கிறது, கறுப்பாக நிரப்பிய முக்கோணம் இங்கே நூலை வெட்டு என்கிறது. கடைசிச் சுற்றின் முடிவில் ஒரே ஒரு கறுப்பு முக்கோணம் மட்டும் இருந்தால் ஒரே நூலில் முழுவதும் முடிகிறது. சுற்றுக்குச் சுற்று ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு என்று மாறி மாறி வந்தால் நிறம் மாறுகிறது. போட்டோ கறுப்பு வெள்ளை நகலாக இருந்தால் நிறம் மாறுவதை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். எண்ணுக்குப் பக்கத்தில் வரும் எழுத்துகளில் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: உள்ளே இரண்டு படுக்கைக் கோடு உள்ள, நிற்கும் பெட்டி போன்ற எழுத்து. 'மே' என்று படிப்பார்கள், கண்ணி என்று பொருள். எண்ணோடு அது வந்தால் அத்தனை கண்ணி.

போட்டோவில் இருந்து படிப்பதில் தனியாக மூன்று ஆபத்து உண்டு. முதலாவது, சாய்ந்த கோடுகள் மறைந்துபோவது. மெல்லிய கோடுகள்தான் முதலில் காணாமல் போகும். அப்போது எல்லாம் வெறும் டி ஆகத் தெரியும், நீங்கள் ஹாஃப் டபுள் என்று நினைத்துவிடுவீர்கள். சுற்றின் தொடக்கத்துக்குப் போய்ச் சங்கிலியை எண்ணுங்கள். முட்டைகள் பெரிதாகத் தெளிவாக இருக்கும். மூன்று என்றால் அந்தச் சுற்று டபுள், நான்கு என்றால் டிரெபிள், இரண்டு என்றால்தான் ஹாஃப் டபுள். சங்கிலிக்குப் பிறகு உடனே ஒரு வளைவு தொடங்கினால் அதன் முட்டைகளும் இதோடு சேர்ந்தே தெரியும், அந்த இடத்தில் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மற்றபடி, இதழ்ச் சுற்றைப் போலப் பல உயரம் கலக்காமல் ஒரே உயரக் கண்ணிகள் வரும் சுற்றில் இந்த வழி என்னை ஏமாற்றியதே இல்லை.

இரண்டாவது, புத்தகத்தின் முதுகை ஒட்டிப் பக்கம் வளைந்து, சார்ட்டின் ஒரு ஓரம் நெருங்கிப்போவது. வட்டமான விரிப்பில் இது பெரிய நஷ்டம் இல்லை. எட்டு முறை திரும்பத் திரும்ப வரும் அமைப்பில், நெருங்காத பக்கத்தில் இருக்கும் இதழைப் படித்தால் போதும். ஆனால் சுற்று தொடங்கி முடியும் இடம் மட்டும் ஒரே ஒரு முறைதான் வரும். அந்த இடம் மடிப்பில் மாட்டியிருந்தால் தோழியிடம் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். சில புத்தகங்களில் உள்சுற்றுகளை முழு வட்டமாகவும் வெளிச்சுற்றுகளை ஒரு துண்டாக மட்டும் வரைவார்கள், அது வெட்டுப்பட்ட படம் இல்லை. அளவையும் நம்பாதீர்கள்: வெளிச்சுற்றில் முட்டைகள் பெரிதாக வரையப்படுவது இடம் நிரப்பத்தான், சங்கிலியைத் தளர்வாகப் போடச் சொல்லவில்லை.

மூன்றாவது, படம் கண்ணாடிப் பிம்பமாக இருப்பது. முன்பக்க கேமராவில் எடுத்தால் சில போன்கள் இடம் வலம் மாற்றிச் சேமிக்கும். எண்கள் திரும்பியிருந்தால் உடனே தெரியும். எண் எதுவும் படத்தில் இல்லை என்றால் இப்படிப் பாருங்கள்: சுற்றைத் தூக்கும் சங்கிலி நிமிர்ந்து நிற்கும்படி படத்தைத் திருப்புங்கள், அடுத்த கண்ணி அதன் இடப்பக்கம் இருக்க வேண்டும். வலது கையால் பின்னும்போது வேலை வலமிருந்து இடமாகத்தான் நகரும், வட்டம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடும். நீங்கள் இடது கைப் பழக்கம் உள்ளவர் என்றால் படத்தை வேண்டுமென்றே திருப்பி வைத்துக்கொள்வது நல்லது.

போட்டோவை வைத்து நான் உறுதியாகச் சொல்லத் தயங்கும் குறிகளும் உண்டு. பெருக்கல் குறியின் கீழே ஒரு சின்னப் படுக்கைக் கோடு இருந்தால், கண்ணியின் பின்பக்க இழையை மட்டும் எடுக்க வேண்டும். ஆனால் மங்கலான படத்தில் அது கீழ்ச் சுற்றின் கோடாகவும் தெரியலாம். ஒரு சுற்று முழுவதும் எல்லாப் பெருக்கல் குறிக்கும் கீழே கோடு ஒரே மாதிரி இருந்தால் நம்பலாம், ஒன்றிரண்டில் மட்டும் இருந்தால் நிழலாக இருக்க வாய்ப்பு அதிகம். அதேபோல டி-யின் அடி தூண்டில் முள்ளைப்போல வளைந்திருந்தால் அது தலையில் குத்துவதில்லை, கீழ்க் கண்ணியின் தண்டைச் சுற்றி எடுப்பது. முன்னால் இருந்தா பின்னால் இருந்தா என்பது வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில் இருக்கிறது. இதை மங்கலான படத்தில் ஊகிக்காதீர்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு குறிக்கும் கையும் ஊசியும் வரைந்து படிப்படியாகக் காட்டியிருப்பார்கள். அந்தப் பக்கத்தையும் தோழியிடம் கேட்டு வாங்குங்கள்.

ஊசி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதே பக்கத்தில்தான் அதுவும் இருக்கும். ஜப்பானிய ஊசியில் 2/0 என்றால் 2.0 மில்லிமீட்டர், 3/0 என்றால் 2.3, 5/0 என்றால் 3.0. சாய்கோடும் சுழியும் இல்லாமல் வெறும் 2 என்று இருந்தால் அது லேஸ் ஊசி, 1.50 மில்லிமீட்டர். லேஸ் ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும், மற்றதில் எண் கூடினால் தடிக்கும். போட்டோவில் அந்தச் சாய்கோடு மங்கிப்போனால் விரிப்பு பாதி அளவுக்குச் சுருங்கிவிடவோ தொளதொளவென்று ஆகிவிடவோ கூடும். அந்த எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

நூலை எடுத்து முதல் இரண்டு சுற்றை மட்டும் போடுங்கள். 24 வருகிறதா என்று எண்ணுங்கள். வந்தால் மூன்றாவது சுற்றின் கடைசி வளைவையும் இதழின் அடியையும் தோழியிடம் நெருக்கமாக எடுக்கச் சொல்லி இங்கே போடுங்கள், புத்தகத்தைத் தட்டையாக அழுத்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி. அந்த இரண்டு இடத்தைப் பார்த்தால் மற்றதை நான் சொல்லிவிடுவேன்.